பனி உருகினால் நாள் ஏன் நீள்கிறது?

2024 ஜூலை 5ஆம் தேதி பூமி கொஞ்சம் அவசரப்பட்டது. 86,400 நொடிகளில் முடிக்க வேண்டிய நாளை 1.66 மில்லி நொடி முன்னதாகவே முடித்துவிட்டது. பூமியின் சுழற்சியை அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை பதிவான நாட்களில் அதுதான் மிகக் குறுகியது. அதே மாதத்தில்தான் பி.என்.ஏ.எஸ். ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. துருவப் பனி உருகுவதால் நாள் நீண்டுகொண்டு வருகிறது, அந்த நீட்சியும் வேகமெடுக்கிறது என்றது அந்தக் கட்டுரை. எழுதியவர்கள் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முஸ்தஃபா கியானி ஷாவந்தி, பெனடிக்ட் சோயா, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த சுரேந்திர அதிகாரி முதலியோர்.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்தவர்களுக்குக் குழப்பம் வருவது நியாயம். பனி உருகி நாள் நீள்கிறதென்றால், மிகக் குறுகிய நாள் எப்படி இப்போது வரும்? இரண்டுமே உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், பூமியின் சுழற்சியில் யார் யாருக்கு என்ன பங்கு என்பது தெளிவாகிவிடும்.

முதலில் பனியின் பங்கைப் பார்ப்போம். கையால் தள்ளிச் சுற்றிவிடும் பூங்கா ராட்டினத்தில் நடுக்கம்பத்தை ஒட்டி நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் மெல்ல விளிம்புக்கு நகர்ந்தால் ராட்டினத்தின் வேகம் குறையும். யாரும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. சுழலும் பொருள் ஒவ்வொன்றுக்கும் கோண உந்தம் என்று ஓர் இருப்பு உண்டு. வெளியிலிருந்து யாரும் முறுக்காத வரை அது மாறாது. நிறை எவ்வளவு, அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அந்த இருப்பு. முதல் இரண்டையும் சேர்த்து நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். அதை I என்றும், சுழற்சி வேகத்தை ω என்றும் வைத்துக்கொண்டால் கோண உந்தம் என்பது I × ω. அந்தப் பெருக்குத்தொகை மாறாமல் இருக்க வேண்டுமென்றால் I கூடும்போது ω குறைந்தே ஆக வேண்டும். இதில் தூரம் இருமடியாகக் கணக்கில் வருகிறது. அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போன ஒரு டன், நான்கு டன்னின் வேலையைச் செய்யும்.

கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் பூமியின் அச்சை ஒட்டி இருக்கும் இடங்கள். அங்கே நிலத்தின்மேல் கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கும் பனிப்பாளம் உருகிக் கடலில் சேர்ந்தால், அந்தத் தண்ணீர் துருவத்திலேயே தங்குவதில்லை. உலகக் கடல் முழுவதற்கும் பரவுகிறது. கடலின் பெரும்பகுதி துருவங்களிலிருந்து தள்ளி, நிலநடுக்கோட்டை நோக்கிய பக்கம் இருக்கிறது. ஆக, அச்சுக்குப் பக்கத்தில் இருந்த நிறை அச்சைவிட்டு வெளியே போகிறது. I கூடுகிறது, சுழற்சி தளர்கிறது, நாள் நீள்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் கடல்பனி கரைந்து வருவதைச் செயற்கைக்கோள் படங்களில் அடிக்கடி பார்க்கிறோம். நாளின் நீளத்துக்கு அதனால் ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஏற்கெனவே விலக்கி நிற்கிறது. உருகினாலும் அதே இடத்தை நிரப்பும், நிறை எங்கும் போகாது. கடல் சூடாகி விரிவதும் அப்படித்தான். கடல்மட்டம் உயர்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அதே தண்ணீர்தான் கொஞ்சம் உப்புகிறது. நாளின் நீளத்தை மாற்றுவது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீர்தான். அதனால்தான் கடல்மட்ட உயர்வை மட்டும் வைத்துக்கொண்டு நாள் எவ்வளவு நீளும் என்று சொல்லிவிட முடியாது.

சரி, எவ்வளவு நீளும்? இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். கிரீன்லாந்தையே எடுத்துக்கொள்வோம். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள் இணையும், 2018இல் அதன் இடத்துக்கு வந்த இணையும் அளந்தபடி, கிரீன்லாந்து சராசரியாக ஆண்டுக்கு 27,000 கோடி டன் பனியை இழக்கிறது. பூமியின் மொத்த நிறையில் இது 2,200 கோடியில் ஒரு பங்கு.

கிரீன்லாந்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 72 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கும் பூமியின் அச்சுக்கும் உள்ள தூரம் பூமியின் ஆரத்தில் 0.31 பங்கு, அதாவது சுமார் 2,000 கிலோமீட்டர். இருமடியாக்கினால் 0.095. கோளம் முழுவதும் ஒரே சீராகப் பரவிய நீருக்கு இந்த எண்ணின் சராசரி மூன்றில் இரண்டு பங்கு, 0.667. கடல் கோளம் முழுவதையும் மூடவில்லை என்றாலும் இந்தத் தோராயம் மோசமில்லை. ஆக, ஒவ்வொரு டன்னும் இடம் மாறும்போது கிடைக்கும் கூடுதல் 0.57. பூமி முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் 0.33 வரும். அடர்த்தி எங்கும் ஒன்றாக இருந்திருந்தால் 0.4 வந்திருக்கும். கனமான இரும்பு நடுவில் குவிந்திருப்பதால் குறைகிறது. 0.57ஐ 0.33ஆல் வகுத்தால் 1.7. அதை 2,200 கோடியில் ஒரு பங்கோடு பெருக்கினால், நிலைமத் திருப்புத்திறன் ஆண்டுக்குச் சுமார் 1,300 கோடியில் ஒரு பங்கு கூடுகிறது என்று ஆகிறது. நாளும் அதே விகிதத்தில் நீளும். 86,400 நொடியை 1,300 கோடியால் வகுத்தால் கிடைப்பது 6.7 மைக்ரோ நொடி.

கிரீன்லாந்து ஓர் ஆண்டில் இழக்கும் பனி, நாளை 6.7 மைக்ரோ நொடி நீட்டுகிறது. இது பெரிதா சிறிதா என்று தெரிய ஓர் ஒப்பீடு சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரைகளில் ஆழிப்பேரலையை எழுப்பிய சுமத்ரா நிலநடுக்கம், பூமியின் நிறையை லேசாக உள்ளே இழுத்து நாளை 2.68 மைக்ரோ நொடி குறைத்திருக்கும் என்று நாசா விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அவ்வளவு சிறிய மாற்றத்தை நேரடியாக அளக்க முடியாது, அது கணக்கில் வந்த எண்தான். கிரீன்லாந்து ஓர் ஆண்டில் செய்வது அதைப்போல இரண்டரை மடங்கு. நிலநடுக்கம் ஒரு தடவையோடு முடிந்தது. பனி ஆண்டுதோறும் உருகுகிறது, முந்தைய ஆண்டின் நீட்சியோடு அடுத்த ஆண்டின் நீட்சி சேர்ந்துகொண்டே போகிறது.

அண்டார்டிகா ஆண்டுக்குச் சுமார் 15,000 கோடி டன் இழக்கிறது. இன்னும் அச்சை ஒட்டி இருப்பதால் அதன் பங்கு சுமார் 4 மைக்ரோ நொடி. இரண்டையும் கூட்டினால் ஆண்டுக்கு 10.7 மைக்ரோ நொடி. இந்தத் துறையில் நூற்றாண்டுக்கு எத்தனை மில்லி நொடி என்றுதான் பேசுவார்கள். அப்படிப் பார்த்தால் நூற்றாண்டுக்கு 1.07 மில்லி நொடி.

இந்தத் தாள்கணக்கில் சில திருத்தங்கள் வேண்டும். பூமி இறுகிய கல் உருண்டை அல்ல. பனியின் பாரம் இறங்கியதும் அடியில் இருக்கும் பாறை ஸ்பிரிங் போல உடனே கொஞ்சம் மேலெழுகிறது. அப்போது துருவப் பக்கம் பாறையின் நிறை வந்து சேர்கிறது. பனி செய்த வேலையில் ஏறக்குறைய கால் பங்கை இது அழித்துவிடும். மறுபக்கம், பூமியின் வெளிக்கருவம் திரவ இரும்பு. அதற்கு மேலே உள்ள மேன்டில் என்ற பாறை அடுக்கு தளர்ந்தவுடன் அதுவும் சேர்ந்து தளராது. சுழற்சி மாற வேண்டியது கருவம் நீங்கலான பகுதிக்கு மட்டும் என்பதால் விளைவு கொஞ்சம் கூடும். இரண்டையும் சேர்த்தால் நம் எண்ணில் 15 சதவீதம் குறையும். 0.9 என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அலாஸ்கா, கனடா, ஆண்டீஸ், இமயம் என்று உலகெங்கும் உள்ள மலைப் பனியாறுகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து இழப்பதும் கிரீன்லாந்து அளவுக்கே வருகிறது. அச்சிலிருந்து ஏற்கெனவே தள்ளி இருப்பதால் டன்னுக்கு டன் அவற்றின் விளைவு குறைவு. அவை இன்னொரு 0.4 தரும். மொத்தம் 1.3.

ஷாவந்தி குழு நிலத்தடி நீர், அணைகளில் தேங்கிய நீர் எல்லாவற்றையும் சேர்த்து, இடம் இடமாகக் கணக்கிட்டு, 2000க்குப் பிந்தைய காலத்துக்குச் சொன்ன எண் நூற்றாண்டுக்கு 1.33 மில்லி நொடி. இருபதாம் நூற்றாண்டில் இதே எண் 0.3க்கும் 1.0க்கும் இடையில் இருந்தது என்கிறார்கள்.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு பெரிய பனிப்பாளத்துக்கென்று ஓர் ஈர்ப்பு விசை உண்டு. சுற்றியுள்ள கடல்நீரை அது தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பாளம் மெலிந்தால் அந்தப் பிடி தளர்கிறது. அதனால் கிரீன்லாந்து உருகும்போது கிரீன்லாந்தைச் சுற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வரை, கடல்மட்டம் இறங்குகிறது. இறங்கிய தண்ணீரும் உருகிய தண்ணீரும் சேர்ந்து தொலைதூரக் கடல்களில் ஏறுகின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் கடல்களுக்குச் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்து சேரும். நாளை நீட்டும் கணக்கில் இதுவும் ஒரு துளி சேர்க்கிறது.

நூற்றாண்டுக்கு 1.33 மில்லி நொடி என்பதை அலட்சியமாகக் கடந்துபோகத் தோன்றும். அந்த எண் சொல்வது ஒரே ஒரு நாளின் நீளத்தைப் பற்றித்தான். நூறு ஆண்டு கழித்து ஒரு நாள் இன்றைய நாளைவிட 1.33 மில்லி நொடி நீண்டிருக்கும். ஆனால் இடையில் உள்ள 36,525 நாட்களில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தியிருக்கும். சராசரிப் பிந்தல் 0.67 மில்லி நொடி. எல்லா நாளையும் கூட்டினால், சீராக ஓடும் கடிகாரத்துக்கும் பூமிக்கும் நூறு ஆண்டில் 24 நொடி இடைவெளி விழுந்துவிடும். காலம் இரண்டு மடங்கானால் இந்த இடைவெளி நான்கு மடங்காகும்.

இந்தக் கூட்டல்தான் பழங்கால கிரகணங்களைப் பெரிய சான்றாக்கியது. கி.மு. 136இல் பாபிலோனியர்கள் முழுச் சூரிய கிரகணம் ஒன்றைப் பார்த்து, நேரத்தோடு களிமண் பலகையில் பதிந்து வைத்தார்கள். இன்றைய நாள் நீளத்தை மாற்றாமல் பின்னோக்கிக் கணக்கிட்டால் அந்தக் கிரகணத்தின் நிழல் பாபிலோனில் விழாது. பூமி உருண்டையில் ஏறக்குறைய 49 பாகை மேற்கே, மத்தியதரைக் கடலின் மேற்குக் கோடியில் விழும். அதாவது பூமி அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் பின்தங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட பதிவுகளை எல்லாம் தொகுத்த ஸ்டீஃபன்சன், மாரிசன், ஹோகன்கெர்க் ஆகியோர், கடந்த 2,700 ஆண்டுகளில் நாள் நூற்றாண்டுக்கு 1.78 மில்லி நொடி வீதம் நீண்டிருக்கிறது என்று 2016இல் காட்டினார்கள்.

அந்த நீட்சிக்கு முதல் காரணம் நிலா. கடல் ஓதங்களின் உராய்வு வழியாக நிலா பூமியின் கோண உந்தத்தை உறிஞ்சி, தான் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. பனி உந்தத்தை எங்கும் கொண்டுபோவதில்லை, பூமிக்குள்ளேயே இடம் மாற்றுகிறது. பனி திரும்ப உறைந்து சேர்ந்தால் நாள் திரும்பக் குறுகும். நிலா எடுத்துக்கொண்டது அப்படித் திரும்பி வராது. நிலாவின் பங்கு நூற்றாண்டுக்கு 2.4 மில்லி நொடி. ஆனால் கிரகணங்கள் சொல்வது 1.78 மட்டுமே. அப்படியென்றால் நீண்ட காலமாக ஏதோ ஒன்று பூமியைக் கொஞ்சம் வேகப்படுத்திக்கொண்டும் இருந்திருக்கிறது.

அதுவும் பனிதான், ஆனால் பழைய பனி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கனடாவும் ஸ்காண்டிநேவியாவும் மூன்று கிலோமீட்டர் தடிப்புப் பனிக்கு அடியில் அமிழ்ந்து கிடந்தன. அந்தப் பாரம் இறங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் நிலம் இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. ஹட்சன் விரிகுடாப் பகுதியிலும் பால்டிக்கின் வடகோடியிலும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இன்றும் உயர்கிறது. அடியில் மேன்டில் பாறை பாகுபோல மிக மெதுவாகத் துருவப் பக்கம் திரும்பி ஓடி வருகிறது. நிறை அச்சை நோக்கி வருவதால் பூமி வேகம் கூடுகிறது. இதன் அளவு நூற்றாண்டுக்கு 0.6 முதல் 0.8 மில்லி நொடி குறைவு. அன்று உருகிய பனியின் பின்விளைவு நாளைக் குறுக்குகிறது, இன்று உருகும் பனி நாளை நீட்டுகிறது. ஒரே இயற்பியல்தான், காலம்தான் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எழுதப்படும் செய்திகளை இன்றும் பார்க்க முடிகிறது.

ஆய்வாளர்களே இதில் ஒருமுறை முட்டி நின்றார்கள். கடலியலின் மூத்தவரான வால்ட்டர் மங்க் 2002இல் ஒரு கேள்வியை எழுப்பினார். இருபதாம் நூற்றாண்டில் கடல்மட்டம் உயர்ந்ததற்கு உருகிய பனி காரணம் என்றால், அது பூமியின் சுழற்சியில் தெரிந்திருக்க வேண்டுமே, ஏன் தெரியவில்லை? பழைய பனியின் விளைவே சுழற்சி மாற்றம் முழுவதையும் விளக்கிவிட்டதுபோல் இருந்தது. புதிய பனிக்கு இடமே மிஞ்சவில்லை. இதற்கு 'மங்க்கின் புதிர்' என்றே பெயர் வந்துவிட்டது. ஹார்வர்டின் ஜெரி மிட்ரோவிக்காவும் உடனாளிகளும் 2015இல்தான் அதை அவிழ்த்தார்கள். நிலம் எழும் மாதிரியில் மேன்டிலின் பாகுத்தன்மையைத் திருத்த வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் கடல்மட்ட உயர்வு முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிய வந்தது. கருவத்தின் பங்கையும் சேர்த்தார்கள். எல்லாம் சேர்ந்ததும் கணக்கு நேரானது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். நிலா நாளை நீட்டுகிறது, உருகும் பனி நீட்டுகிறது. எழும் நிலம் கொஞ்சம் குறுக்கினாலும் மூன்றையும் கூட்டினால் நீட்சிதான் மிஞ்சும். பிறகு 2024இல் நாள் ஏன் குறுகியது?

காரணம் கருவம். நம் காலடிக்கு 2,900 கிலோமீட்டர் கீழே ஓடும் திரவ இரும்பு, மேன்டிலோடு கோண உந்தத்தைக் கொடுத்து வாங்குகிறது. கருவம் தளர்ந்தால் மேன்டிலும் அதன்மேல் உள்ள நாமும் வேகம் கூடுவோம். பத்து, இருபது ஆண்டுகள் என்ற கால அளவில் இது நாளைச் சில மில்லி நொடிகள் ஏற்றி இறக்கும். 1970களின் தொடக்கத்தில் நாள் 86,400 நொடியைவிடச் சுமார் 3 மில்லி நொடி நீண்டிருந்தது. அதிலிருந்து ஏற்ற இறக்கத்தோடு குறைந்து வந்து இப்போது அந்தக் கூடுதல் ஏறக்குறைய பூஜ்யத்தைத் தொட்டிருக்கிறது. ஐம்பது ஆண்டில் 3 மில்லி நொடி குறைவு என்பதற்கு முன்னால், அதே காலத்தில் பனி சேர்த்த அரை மில்லி நொடி எங்கே தெரியப் போகிறது? இதன்மேல் காற்றின் பருவ மாற்றமும் உண்டு. வடகோளக் கோடையில் மேற்கிலிருந்து வீசும் காற்றோட்டங்கள் தளர்கின்றன. காற்று இழக்கும் உந்தத்தைத் தரை வாங்கிக்கொள்கிறது. மிகக் குறுகிய நாட்கள் ஜூலையை ஒட்டியே வருவதற்கு அதுதான் காரணம். எனவே ஒரு குறிப்பிட்ட நாளின் நீளத்தைக் காட்டி, பனி உருகுகிறது என்றோ உருகவில்லை என்றோ யாராவது வாதிட்டால் அந்த வாதத்துக்கு அடித்தளம் இல்லை.

அப்படியானால் இத்தனை இரைச்சலுக்குள் பனியின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்? சுழற்சியை அளக்கக் கண்டங்கள் தாண்டி நிறுத்திய ரேடியோ தொலைநோக்கிகள், கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் அசையாமல் நிற்கும் குவேசார் என்ற ஒளிமிகுந்த விண்பொருட்களை நோக்குகின்றன. ஆனால் அவை தருவது எல்லாக் காரணங்களும் கலந்த மொத்த எண் மட்டுமே. பிரிப்பதற்கு வேறொரு சான்று வேண்டும். அதைத் தருவது பூமியின் ஈர்ப்புப் புலம்.

பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருக்கிறது. அந்தப் பருமனை J₂ என்ற எண்ணால் குறிப்பார்கள். அதன் மதிப்பு சுமார் 0.00108. துருவத்திலிருந்து நிறை நிலநடுக்கோட்டுப் பக்கம் போனால் J₂ கூடும், திரும்பி வந்தால் குறையும். 1976இல் அனுப்பிய லேஜியோஸ் என்ற செயற்கைக்கோள் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அறுபது சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட கனத்த உலோக உருண்டை, மேலெல்லாம் 426 பிரதிபலிப்பான்கள், உள்ளே எந்தக் கருவியும் கிடையாது. தரையிலிருந்து லேசர் அடித்து அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறார்கள். J₂ மாறினால் அதன் சுற்றுப்பாதையின் தளம் திரும்பும் வேகம் மாறும். இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், கருவத்திலோ காற்றிலோ நடக்கும் ஓட்டம் வேகத்தை மாற்றுகிறதே தவிர நிறையைப் பெரிதாக இடம் மாற்றுவதில்லை. அதனால் J₂இல் அது ஏறக்குறைய தெரியாது. பனி தெரியும், எழும் நிலம் தெரியும்.

1980களில் லேஜியோஸ் தந்த அளவுகள் J₂ சீராகக் குறைந்து வருவதைக் காட்டின. பழைய பனி நீங்கிய நிலம் எழுவதோடு அது பொருந்தியது. 1990களின் பிற்பகுதியில் அந்தச் சரிவு நின்று திரும்பத் தொடங்கியது. 2002இல் காக்ஸ், சாவ் இருவரும் இதை முதலில் எடுத்துச் சொன்னபோது காரணம் உறுதியாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டுகளில் கிரேஸ் இணை, ஒன்றுக்கொன்று 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தபடி, எந்த இடத்தில் நிறை குறைகிறது என்று வரைபடமாகவே காட்டிவிட்டது. கிரீன்லாந்தும் மேற்கு அண்டார்டிகாவும் இழப்பதையும் நிலம் எழுவதையும் கூட்டினால் J₂இன் போக்கு விளங்குகிறது. பனியின் பங்கு கையில் கிடைத்ததும் அதை மொத்தத்திலிருந்து கழித்து, மிஞ்சியதைக் கருவத்தின் கணக்கில் எழுதலாம்.

கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் கழகத்தைச் சேர்ந்த டங்கன் ஆக்னியூ, 2024 மார்ச்சில் நேச்சர் இதழில் இதைத்தான் செய்தார். அவருடைய கேள்வி நடைமுறை சார்ந்தது. நாம் பயன்படுத்தும் உலகப் பொது நேரம் அணுக் கடிகாரத்தில் ஓடுகிறது. பூமிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 0.9 நொடியைத் தாண்டக் கூடாது என்ற விதிப்படி, 1972 முதல் தேவைப்படும்போது ஒரு லீப் நொடியைச் சேர்த்து வந்தார்கள். இதுவரை 27 முறை சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31. அதன்பின் பூமி வேகமெடுத்துவிட்டதால் சேர்க்கத் தேவையே வரவில்லை. இப்படியே போனால் ஒரு நொடியைக் கழிக்க வேண்டிவரும். அதை இதுவரை யாரும் செய்ததில்லை. நொடியைச் சேர்த்தபோதே, 2012 ஜூன் 30 இரவு, லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு பிழையால் பல நாடுகளில் சர்வர்கள் திணறின. கழிக்கும் நொடிக்கு எழுதிய நிரல் நிஜத்தில் ஒருநாளும் ஓடிப் பார்க்கப்படாதது.

ஆக்னியூவின் கணக்குப்படி, பனி இப்படி உருகாமல் இருந்திருந்தால் அந்தக் கழிக்கும் நொடி 2026லேயே தேவைப்பட்டிருக்கும். உருகும் பனி பூமியைத் தளர்த்தியதால் அது 2029க்குத் தள்ளிப்போயிருக்கிறது. கருவத்தின் போக்கு இதேபோல் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு சொன்ன ஆண்டு இது. கருவம் அடுத்து என்ன செய்யும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் 2029ஐக் கெடு தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பனியால் மூன்று ஆண்டு தள்ளிப்போனது என்பதுதான் அந்த ஆய்வில் உறுதியான பகுதி. மனிதர்கள் செய்த ஒரு காரியம் உலகக் கடிகாரத்தையே தொட்டுவிட்டது என்று எண்களால் காட்டியதாலேயே அந்தக் கட்டுரை என்னை உலுக்கியது. 0.9 நொடி வரம்பை 2035க்குள் தளர்த்துவது என்று 2022 நவம்பரில் கூடிய எடைகள், அளவுகளுக்கான உலக மாநாடு முடிவு செய்துவிட்டது. அதன்பிறகு லீப் நொடியின் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

நொடியைச் சேர்ப்பதை நிறுத்தினாலும் பூமி எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தேவை நிற்காது. நிலநடுக்கோட்டில் தரை நொடிக்கு 465 மீட்டர் நகர்கிறது. ஒரு மில்லி நொடிப் பிழை அங்கே 46.5 சென்டிமீட்டர். தரையிலிருந்து வழிகாட்டப்படும் விண்கலம் செவ்வாய்க்கு அருகில், இருபது கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் அதே கோணப் பிழை 14.6 கிலோமீட்டராக விரிந்துவிடும். அதனால்தான் பூமிச் சுழற்சியைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு ஒவ்வொரு நாளும் அளந்து எண்களை வெளியிடுகிறது. அடுத்த சில வாரங்களுக்கு முன்கணிப்பும் தருகிறது.

ஷாவந்தி குழு 2100 வரை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறது. பசுங்குடில் வாயுக்களைக் கடுமையாகக் குறைத்தாலும், ஏற்கெனவே தொடங்கிய உருகல் காரணமாக, அடுத்த சில பத்தாண்டுகளுக்குப் பனியின் பங்கு நூற்றாண்டுக்கு 1 மில்லி நொடி அளவில் நீடிக்கும். குறைக்காமல் விட்டால் இந்த நூற்றாண்டின் இறுதியில் அது 2.62ஐத் தொடலாம், முன்பின் 0.8 மாறக்கூடும். நிலாவின் பங்கு 2.4. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நாளின் நீளத்தைத் தீர்மானிப்பதில் முதலிடத்தில் இருந்தது நிலா. நடு மதிப்பை எடுத்துக்கொண்டால், அந்த இடத்தை உருகும் பனி எடுத்துக்கொள்கிறது.